பத்து ரூபாய் லைட்டருக்குள் இருக்கும் திரவம்

பெட்டிக்கடையில் தொங்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் லைட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் மாதிரி ஒன்று அலையடிப்பது தெரியும். அது என்னவென்று கேட்டால் பலர் பெட்ரோல் என்பார்கள், சிலர் மண்ணெண்ணெய் என்பார்கள். இரண்டும் இல்லை. அந்தத் திரவத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் சென்னையில் அது திரவமாகத் தங்காது, கொதித்துக் காணாமல் போய்விடும். பியூட்டேன் என்ற வாயு அது. சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும். அதன் உடன்பிறப்பான ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். லைட்டர்களில் இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டும் கலந்தோ இருக்கும். 30 டிகிரி வெயிலில் வாயுவாக இருக்க வேண்டிய பொருள், சட்டைப் பையில் திரவமாக உட்கார்ந்திருக்கிறது. எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் நீள லைட்டர் வேறு சாதி. அதில் பெரும்பாலானவற்றில் எரிபொருளே கிடையாது, அமுக்கினால் மின்பொறி மட்டும் வரும். இங்கே பேசுவது சக்கரத்தை உருட்டிப் பற்றவைக்கும், தீர்ந்தால் தூக்கிப் போடும் லைட்டரைப் பற்றி மட்டும்.

ஏன் திரவமாக வைக்க வேண்டும்?

நல்ல தரமான, கொஞ்சம் பெரிய லைட்டரில் நாலரை கிராம் அளவுக்கு எரிபொருள் இருக்கும். திரவமாக அது சுமார் 8 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அதே நாலரை கிராம் வாயுவாக வெளியே வந்தால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தைப் பிடிக்கும். கிட்டத்தட்ட 240 மடங்கு வித்தியாசம்.

அந்த இரண்டு லிட்டர் வாயுவை வாயுவாகவே அமுக்கி 8 மில்லிலிட்டரில் அடைக்க வேண்டுமென்றால் வெறும் கணக்குப்படி வளிமண்டல அழுத்தத்தைப் போல 240 மடங்கு அழுத்தம் வேண்டும். ஆட்டோக்களில் இருக்கும் சி.என்.ஜி. சிலிண்டர் 200 மடங்கு அழுத்தத்தைத் தாங்குவதற்காக அவ்வளவு தடிமனான எஃகில் செய்யப்படுகிறது. சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு திரிய முடியாது.

பியூட்டேனிடம் உள்ள வசதி என்னவென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு மூடிய பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவி மேலே சேர்ந்து திரவத்தின் மீது அழுத்தும். ஒரு கட்டத்தில் எவ்வளவு ஆவியாகிறதோ அவ்வளவு மறுபடி திரவமாகும், ஆட்டம் அங்கே நின்றுவிடும். அந்த நிலையில் இருக்கும் அழுத்தத்தைத்தான் ஆவி அழுத்தம் என்கிறோம். 20 டிகிரியில் சாதாரண பியூட்டேனுக்கு இது வளிமண்டலத்தைப் போல இரண்டு மடங்கு, ஐசோபியூட்டேனுக்கு மூன்று மடங்கு. 30 டிகிரியில் முறையே மூன்றுக்கும் நான்குக்கும் பக்கத்தில். ஒரு நல்ல பிளாஸ்டிக் சுவர் தாராளமாகத் தாங்கக்கூடிய அளவுதான் இது.

புரொப்பேனை ஏன் தனியாகப் போடுவதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 20 டிகிரியில் அதற்கு எட்டு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும், அதற்கு இரும்புதான் சரி. பெட்ரோலுக்கோ இந்த அழுத்தமே இல்லை, அதனால் அது தானாக வெளியே பீய்ச்சி வராது. பழைய பெட்ரோல் லைட்டர்களில் பஞ்சையும் திரியையும் வைத்து உறிஞ்ச வேண்டியிருந்தது அதனால்தான். இரண்டுக்கும் நடுவில், தானாக வெளியே வரும் அளவுக்கு அழுத்தமும் பிளாஸ்டிக் தாங்கும் அளவுக்கு அடக்கமும் உள்ள பொருளாகப் பியூட்டேன் அமைந்துவிட்டது.

கடைசிச் சொட்டு வரை ஒரே அழுத்தம்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. லைட்டர் முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஒன்றுதான். கொஞ்சம் வாயு வெளியே போனால் அந்த இடத்தை நிரப்ப அதே அளவு திரவம் ஆவியாகும்.

சைக்கிள் ட்யூபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். லைட்டரும் வெறும் அமுக்கிய வாயுவில் ஓடியிருந்தால் முதல் நாள் புருவத்தைப் பொசுக்கும் அளவுக்கு எரிந்து, கடைசி நாள் மினுக் மினுக் என்றிருக்கும். திரவம் இருப்பதால் முதல் தீயும் ஆயிரமாவது தீயும் ஏறக்குறைய ஒரே உயரம். வீட்டு கேஸ் சிலிண்டரிலும் இதே கதைதான். அடுப்புத் தீயைப் பார்த்து சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாமல் நாம் அதைத் தூக்கிப் பார்ப்பது இதனால்தான்.

வெளியே வரும் வழி

சிலிண்டரில் மேலே இருக்கும் ஆவி அப்படியே குழாய் வழியாக அடுப்புக்குப் போகிறது. பல லைட்டர்களில் அப்படி இல்லை. கண்ணாடி மாதிரியான லைட்டரை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். மேலிருந்து அடி வரைக்கும் வெள்ளையாக ஒரு மெல்லிய தண்டு இறங்கும். அது திரி மாதிரி வேலை செய்வது. மேலே இருக்கும் ஆவியை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் திரவத்தை அது மேலே ஏற்றுகிறது. பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இன்னொரு குழாய் தெரியும், அது கல்லுக்கானது. அதற்குப் பிறகு வருவோம்.

திரவமாகவே எடுப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. எரிபொருள் கலவையாக இருந்தால், ஆவியாக எடுக்கும்போது சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் தீர்ந்து, மந்தமான பகுதி கடைசியில் தங்கிவிடும். திரவமாக எடுத்தால் கலவை கடைசி வரை மாறாது.

அந்தத் திரி போய் முடிவது ஒரு நுண்ணிய தடுப்பில். சில தயாரிப்புகளில் அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட ஒரு மெல்லிய சவ்வு. தீயின் உயரத்தை ஏற்றி இறக்கும் வகையில் அது நுரைப்பஞ்சுத் துண்டு. சின்ன நெம்பைத் திருப்பினால் பஞ்சு நசுங்கும், துளைகள் சுருங்கும், தீ குறையும். இந்தத் தடுப்புதான் லைட்டரின் மூளை என்று சொல்வேன். ஒரு பக்கம் மூன்று மடங்கு அழுத்தத்தில் திரவம், மறு பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம். துளைகளைத் தாண்டி வரும் இத்துனூண்டு திரவம், அழுத்தம் விழுந்த உடனே ஆவியாகிவிடுகிறது.

தடுப்புக்கு மேலே வால்வு. மெல்லிய உலோக ஊசி மாதிரி ஒரு குழாய், அதன் அடியில் ஒரு சின்ன ரப்பர் துண்டு. நாம் கட்டைவிரலால் அமுக்கும் பொத்தான் உண்மையில் ஒரு நெம்புகோல், சீசா பலகை மாதிரி. அதன் ஒரு முனைக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கின் விசையால் நெம்புகோலின் மறுமுனை குழாயைக் கீழே அழுத்திப் பிடித்து, ரப்பர் வழியை அடைத்திருக்கும். நாம் அமுக்கினால் மறுமுனை எழும்பும், கவை மாதிரி பிடித்திருக்கும் குழாயையும் தூக்கும், ரப்பர் விலகும், வாயு வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும். அதாவது வால்வின் இயல்பு நிலை மூடியிருப்பது. திறந்து வைக்கத்தான் விரல் வேண்டும், மூட வேண்டியதில்லை.

எவ்வளவு வாயு வருகிறது என்று ஒரு கணக்கு போடுவோம். இரண்டரை சென்டிமீட்டர் உயரத் தீக்கு நொடிக்கு ஏறக்குறைய 0.6 மில்லிலிட்டர் பியூட்டேன் வாயு போதும். எடையில் 1.4 மில்லிகிராம். திரவமாகச் சொன்னால் ஒரு சொட்டுத் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு. அதிலிருந்து வரும் வெப்பம் 65 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. நாலரை கிராமை இந்த வேகத்தில் வகுத்தால் 3200 நொடி. ஒரு தடவைக்கு ஒரு நொடி என்று வைத்தால் மூவாயிரம் தடவைக்கு மேல். நல்ல தயாரிப்புகள் "3000 தடவை வரை" என்று சொல்லிக்கொள்வது சும்மா இல்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இன்னொன்று. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். நொடிக்கு 1.4 மில்லிகிராமுக்கு அரை வாட் போதும், கையின் சூடே கொடுத்துவிடும். அதனால்தான் ஓயாமல் எரியும் பெரிய சிலிண்டரின் மேல் பனி படிவது போல லைட்டரில் படிவதில்லை.

பொறி எங்கிருந்து வருகிறது

"ரெண்டு கல்லு உரசுது, நெருப்பு வருது" என்பார்கள். உரசுவது சரி, கல் என்பதுதான் சரியில்லை. லைட்டர் கல் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது உலோகம். இரும்பும், சீரியம், லாந்தனம் முதலான அருமண் உலோகங்களும் சேர்ந்த கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அவர் இதற்கு வந்த வழி சுவாரஸ்யமானது. கேஸ் விளக்கு மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக ஒளிர்ந்ததே, அந்த வலைப்பை அவருடைய கண்டுபிடிப்பின் வாரிசு. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கும். ஆனால் அந்த மணலில் தோரியம் கொஞ்சம்தான், சீரியமும் மற்ற அருமண்களும்தான் பெரும்பகுதி. தோரியத்தை எடுத்தபின் மலைபோல் மிஞ்சிய கழிவுக்கு ஒரு வேலை தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கல். தொடக்கத்தில் மணல் பிரேசிலிலிருந்து வந்தது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்து, மணவாளக்குறிச்சியில் தொழில் தொடங்கினார். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அதே மணவாளக்குறிச்சி. அந்த மணலைப் பிரிக்கும் ஆலை இன்னும் அங்கே ஓடுகிறது.

சரி, பொறிக்கு வருவோம். சக்கரம் கடினமாக்கப்பட்ட எஃகு, அதன் மேல் அரம் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பற்கள். அடியிலிருந்து நீளமான ஸ்பிரிங் ஒன்று கல்லைச் சக்கரத்தோடு எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். கல் தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு அதை மேலே தள்ளும். சக்கரம் உருளும்போது பற்கள் கல்லிலிருந்து சன்னத் தூளைச் சுரண்டுகின்றன. சுரண்டும் உராய்விலேயே தூள் சூடாகிறது. சீரியம் 150, 180 டிகிரியிலேயே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக நாம் பார்க்கும் பொறி, உராய்வால் சிவந்த துகள் மட்டுமல்ல, எரிந்துகொண்டே பறக்கும் உலோகத் தூள். உராய்வு தொடங்கி வைக்கிறது, மீதியை ஆக்சிஜன் பார்த்துக்கொள்கிறது.

எவ்வளவு சக்தி? தலைமுடி அளவு, 50 மைக்ரோமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு சீரியத் துகள் முழுக்க எரிந்தால் மூன்று மில்லிஜூலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பியூட்டேனும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் கால் மில்லிஜூல் மின்பொறிக்கே பற்றிவிடும். துகளின் வெப்பம் முழுவதும் வாயுவுக்குப் போய்ச் சேராது, ஆனாலும் பத்து மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. ஒரு உருட்டலில் பறப்பது ஒரு துகள் அல்ல, ஒரு கூட்டம். அதில் ஒன்று சரியான இடத்தில் விழுந்தால் போதும்.

ஒரு உருட்டலுக்குள் நடப்பது

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். கட்டைவிரல் சக்கரத்தின் மேல் விழுந்து கீழே உருட்டுகிறது. பொறி பறக்கிறது. அதே அசைவின் கடைசியில் விரல் நெம்புகோலில் வந்து உட்காருகிறது. வால்வு திறக்கிறது, வாயு எழும்புகிறது. பொறிகள் காற்றில் இருக்கும்போதே வாயு அங்கே வந்து சேர வேண்டும். சக்கரத்தை வேகமாக உருட்டிவிட்டு மெதுவாக அமுக்கினால் வெறும் பொறி மட்டும் வருவது இதனால்தான். ஒன்று முடிந்து ஒன்று என்று செய்யக்கூடாது, ஒரே இழுப்பாக இருக்கணும்.

வந்த வாயு உடனே எரியாது. காற்றில் 1.8 சதவீதத்துக்கும் 8.4 சதவீதத்துக்கும் இடையில் கலந்தால்தான் பியூட்டேன் பற்றும். குழாய் வாயில் அது ஏறக்குறைய சுத்த பியூட்டேன், எரியாது. கொஞ்சம் தள்ளி, விளிம்பில், காற்றோடு கலக்கும் ஓரத்தில்தான் பற்றுகிறது. ஒரு பங்கு பியூட்டேன் முழுசாக எரிய 31 பங்கு காற்று வேண்டும். தீயைச் சுற்றியிருக்கும் தகரக் கவசத்தில் ஓட்டைகள் இருப்பது இந்தக் காற்றை உள்ளே விடுவதற்கு. கவசம் எதிர்க்காற்றையும் கொஞ்சம் தடுக்கிறது.

"தீ உள்ளே போய் வெடிச்சிடாதா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். உள்ளே காற்று கிடையாது. பியூட்டேன் மட்டும் இருக்கும் இடத்தில் தீயால் வாழ முடியாது. அழுத்தமும் எப்போதும் உள்ளிருந்து வெளியே. லைட்டர் வெடிப்பது தீ உள்ளே போவதால் அல்ல. அது வேறு காரணம், அதைத் தனியாகப் பார்ப்போம்.

குளிரில் ஏன் மக்கர் பண்ணுகிறது

கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர் ஊர் ஒன்றில் அதிகாலை வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது என்று வைப்போம். அந்த வெப்பத்தில் சாதாரண பியூட்டேனின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடுகிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. பொறி வரும், தீ வராது. திரவம் பாதிக்கு மேல் இருந்தும் லைட்டர் தீர்ந்த மாதிரி நடந்துகொள்ளும். ஐசோபியூட்டேன் போட்ட லைட்டருக்குப் பூஜ்யத்திலும் ஒன்றரை மடங்கு அழுத்தம் இருப்பதால் அது எரியும், தீ சின்னதாக இருக்கும் அவ்வளவுதான். மருந்து எளிது: உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் பொத்தி வைத்தால் போதும்.

வெயிலில் வெடிப்பது ஏன்

மே மாதம் காரின் டேஷ்போர்டில் லைட்டரை விட்டுப் போகாதே என்று எல்லோரும் சொல்கிறோம். சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும் என்று காரணமும் சொல்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதிதான் முக்கியம்.

ஐசோபியூட்டேனை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஆவி அழுத்தம் ஒன்பது, பத்து மடங்கு வரை போகும். லைட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9994, எரிபொருளுக்கு 55 டிகிரியில் உள்ள ஆவி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கை லைட்டர் தாங்க வேண்டும் என்கிறது. 65 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தும் சோதிக்கச் சொல்கிறது. ஒழுங்காகச் செய்த லைட்டர் இந்த அழுத்தத்தைத் தாங்கும். தட்டையான சுவர்கள் புடைக்காமல் இருக்கத்தான் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

உண்மையான வில்லன் திரவம் விரிவது. தண்ணீரைப் போல அல்லாமல் இந்தத் திரவம் சூட்டில் பயங்கரமாக விரியும். ஒரு டிகிரிக்குக் கால் சதவீதத்துக்குப் பக்கத்தில். 23 டிகிரியிலிருந்து 65க்குப் போனால் பத்து பன்னிரண்டு சதவீதம் பெருக்கும். அதனால் அதே தரம் இன்னொரு விதி வைத்திருக்கிறது: 23 டிகிரியில், திரவம் தொட்டியின் கொள்ளளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

ஒரு உதாரணம் எடுத்துப் பார்ப்போம். தொட்டியின் கொள்ளளவு 9.5 மில்லிலிட்டர். ஒழுங்காக நிரப்பினால் 8 மில்லிலிட்டர். 65 டிகிரியில் அது 9 ஆகும். இன்னும் அரை மில்லிலிட்டர் இடம் மிச்சம், ஆவி அதில் இருக்கும், அழுத்தம் ஆவி அழுத்தத்தைத் தாண்டாது.

இப்போது அதே தொட்டியில் யாரோ 9.2 மில்லிலிட்டர் அடைத்துவிட்டார்கள். மிச்சம் 0.3 மட்டும். 14 டிகிரி ஏறினால் அந்த இடமும் தீர்ந்துவிடும். 23உம் 14உம் 37. சென்னையில் மே மாத நிழலின் வெப்பமே அதுதான், காருக்குள் போக வேண்டியதுகூட இல்லை. அதற்குமேல் ஆவிக்கு இடமே இல்லை, தொட்டி முழுக்கத் திரவம். திரவத்தை வாயு மாதிரி அமுக்க முடியாது. இந்த இடத்திலிருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல மடங்கு வேகத்தில் ஏறும். பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்து கொடுத்துத் தாக்குப்பிடிக்கும், அப்புறம் ஒட்டிய அடிப்பகுதியோ, ஏற்கெனவே கீழே விழுந்து கீறல் விட்ட இடமோ கிழியும்.

ஆக அந்த மேலே தெரியும் காலி இடம், கம்பெனிக்காரன் குறைத்துப் போட்ட அளவு அல்ல. அதுதான் பாதுகாப்பு. தூக்கிப் போட வேண்டிய லைட்டரின் அடியில் துளை போட்டு ரீஃபில் செய்வதில் உள்ள ஆபத்தும் இதுவே. நிரப்புகிறவர் "ஃபுல்லா போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னால் அதை வாங்கிப் பையில் போடாதீர்கள்.

வெடித்தால் என்ன ஆகும் என்றும் கணக்குப் பார்க்கலாம். இரண்டு லிட்டர் வாயு. ஒரு காரின் உட்பகுதி மூவாயிரம் லிட்டர் என்று வைத்தால், சீராகப் பரவினால் 0.07 சதவீதம்தான், பற்றுவதற்குத் தேவையான 1.8க்குப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் அது சீராகப் பரவாது. பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், கீழே இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் தேங்கும். இரண்டு லிட்டர் வாயு, பற்றக்கூடிய கலவையாக 110 லிட்டர் வரை ஆகலாம், பெரிய தண்ணீர் டிரம்மில் பாதி. அதனால் சிதறிக் கிடக்கும் லைட்டரைப் பார்த்தால் முதல் வேலை எல்லாக் கதவையும் திறப்பது, கொஞ்ச நேரம் ஸ்விட்ச் எதையும் தொடாமல் இருப்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது

பொறி வருகிறது, தீ வரவில்லை என்றால் சக்கரத்தைத் தொடாமல் நெம்புகோலை மட்டும் அமுக்கிச் சத்தம் கேளுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" வந்தால் வாயு இருக்கிறது, உருட்டும் விதத்தில் அல்லது காற்றடியில் கோளாறு. வராவிட்டால் தீர்ந்துவிட்டது, அல்லது குளிர், அல்லது கல்லின் தூள் குழாய் வாயை அடைத்திருக்கிறது. "ஸ்ஸ்" வருகிறது, பொறி இல்லை என்றால் கல் தீர்ந்தது அல்லது சக்கரத்தின் பற்களில் தூள் அப்பியிருக்கிறது.

தீ உமிழ்ந்து உமிழ்ந்து, திடீரென்று எகிறி எரிந்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். தடுப்பைத் தாண்டித் திரவமாகவே சொட்டு வருகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சொட்டும் 240 மடங்கு வாயு. அந்த லைட்டரை அதோடு விட்டுவிடுங்கள்.

இவற்றில் மோசமானது விரலை எடுத்த பிறகும் அணையாத தீ. பையில் இருக்கும் நூல் பிசிறோ மணலோ நெம்புகோலுக்கு அடியில் சிக்கியிருந்தால் ரப்பர் முழுசாக உட்காராது. ஊதி அணைத்துவிட்டால் போதாது, வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதை மறுபடி பையில் போட்டுக்கொள்வதில்தான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். தலைப்பகுதியிலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் கசிவு. மாடியிலோ வாசலிலோ, நெருப்பு இல்லாத திறந்த இடத்தில் விட்டுவிட்டால் தானாகத் தீர்ந்துவிடும்.

கடைசியாக, தீர்ந்த லைட்டர். திரவம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொட்டி முழுக்கப் பியூட்டேன் ஆவி இருக்கும். இனி அது தீ எழுப்பாது, ஆனால் காலியும் இல்லை. தெருவில் குப்பை எரிக்கும்போது "பட்" என்று கேட்கும் சத்தங்களில் இதுவும் ஒன்று. குப்பையில் போடுங்கள், எரிகிற குப்பையில் போடாதீர்கள்.